ஆராய்ச்சி தகவல் தாள்: கையெழுத்துக்கு முன்னால் ஒருவருக்குப் புரிய வேண்டியவை

மருத்துவ ஆராய்ச்சியில் சேரச் சொல்கிறார்கள் என்று ஒருவர் வீட்டில் வந்து சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். "நம்மள வச்சு மருந்தைச் சோதிச்சுப் பார்க்கிறாங்க, வேண்டாம்" என்பது ஒன்று. "பெரிய டாக்டரே கூப்பிடுறார், நல்ல மருந்து இலவசமா கிடைக்கும், சேர்ந்துக்கோ" என்பது மற்றது. இரண்டிலும் ஒரே குறைதான். அந்த ஆராய்ச்சியில் உண்மையில் என்ன நடக்கப்போகிறது என்பது சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

அதைத் தெரிவிக்கத்தான் ஆராய்ச்சி தகவல் தாள் இருக்கிறது. ஆராய்ச்சியில் சேரலாமா என்று யோசிப்பவரிடம் முதலில் கொடுக்கப்படும் சில பக்கங்கள் அவை. அதைப் படித்து, கேள்வி கேட்டு, சம்மதம் என்றால் கையெழுத்துப் போடும் தாள் தனி. அதற்கு ஒப்புதல் படிவம் என்று பெயர். இந்த இரண்டையும் ஆராய்ச்சி தொடங்குவதற்கு முன்பே நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும். ஆராய்ச்சியில் சேருபவர்களின் நலனைக் காப்பதற்காக மருத்துவர்களும் மருத்துவம் சாராதவர்களும் சேர்ந்து உட்காரும் குழு அது.

தாளில் எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன. ஆனால் திரும்பத் திரும்பத் தவறாக எழுதப்படுபவை மூன்று: யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது எப்படி முடிவாகிறது, என்னென்ன ஆபத்துகள் வரலாம், நடுவில் விலகினால் என்ன ஆகும். இந்தக் கட்டுரை அந்த மூன்றைப் பற்றியது மட்டும்.

## ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. அதனால் ஒரு மாதிரி ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். இடம், தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனை. கர்ப்பிணிகளில் ஹீமோகுளோபின் 7-க்கும் 9.9-க்கும் இடையில் இருப்பவர்களை, அதாவது "ரத்தம் கம்மியா இருக்கு" என்று செவிலியர் சொல்லும் நிலையில் இருப்பவர்களை, ஆய்வில் சேர்க்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தினமும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுவார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை டிரிப்ஸ் வழியாக ஒரே தடவையில் ஏற்றுவார்கள். பிரசவத்துக்கு முன்னால் எந்தப் பகுதியினருக்கு ரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டு மருந்துகளும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை. புது மருந்தே இல்லாத ஆய்வு இது. இருந்தாலும் தகவல் தாளில் எழுத வேண்டிய சிக்கல்கள் எல்லாம் இதிலேயே இருக்கின்றன.

## யாருக்கு எது என்று முடிவு செய்வது யார்?

டாக்டர்தான் முடிவு செய்வார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். மருத்துவமனையில் வழக்கமாக நடப்பதும் அதுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில் டாக்டர் முடிவு செய்தால் ஒப்பீடே கெட்டுவிடும்.

எப்படி என்று பாருங்கள். ஹீமோகுளோபின் 7.2 இருக்கும் ஒரு பெண்ணும், 9.6 இருக்கும் ஒரு பெண்ணும் வருகிறார்கள். நல்ல மனம் படைத்த எந்த டாக்டரும் 7.2 இருப்பவருக்கு டிரிப்ஸும் மற்றவருக்கு மாத்திரையும் என்றுதான் சொல்வார். இப்படியே நூறு பேருக்கு நடந்தால் டிரிப்ஸ் பக்கத்தில் மோசமான நிலையில் வந்தவர்களும், மாத்திரைப் பக்கத்தில் ஓரளவு நல்ல நிலையில் வந்தவர்களும் சேர்ந்திருப்பார்கள். கடைசியில் மாத்திரைப் பக்கத்தில் ஹீமோகுளோபின் அதிகமாக இருந்தால், அது மாத்திரையின் திறமையா, வரும்போதே அவர்கள் நன்றாக இருந்ததாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைத் தவிர்க்க, யாருக்கு எது என்ற முடிவை மனிதர்களின் கையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுப்பவனுக்கு விவரம் தெரியாது என்பதால் அவன் யாருக்கும் சாதகமாக எடுக்க முடியாது. ஆய்விலும் அந்த அறியாத கைதான் தேவைப்படுகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: குடவோலையில் பெயர் வந்தவர் தேர்வானார், ஆய்வில் எந்தப் பக்கம் வந்தாலும் ஜெயித்தவர், தோற்றவர் என்று கிடையாது.

இன்று அந்தச் சிறுவனின் வேலையைக் கணினி செய்கிறது. எந்த ஒழுங்கும் இல்லாத வரிசையில் மாத்திரை, டிரிப்ஸ், டிரிப்ஸ், மாத்திரை என்று ஒரு பட்டியலைக் கணினி முன்கூட்டியே தயாரித்துவிடும். அந்தப் பட்டியல் ஆய்வில் ஆள் சேர்ப்பவரின் கண்ணில் படாது. வரிசை எண் போட்டு ஒட்டிய, உள்ளே இருப்பது வெளியே தெரியாத உறைகளுக்குள் ஒவ்வொரு சீட்டாக இருக்கும். ஒரு பெண் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த எண் உள்ள உறையைப் பிரிப்பார்கள். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு. இந்த முறைக்குச் சமவாய்ப்பு ஒதுக்கீடு என்று பெயர். ஆய்வு நடத்துபவர்கள் பேச்சில் ரேண்டமைசேஷன் என்பார்கள்.

உறையை முன்கூட்டியே பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும்? அடுத்தது மாத்திரை என்று தெரிந்துவிட்டால், எதிரே சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை "நீங்க நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிடத் தோன்றும். இரக்கத்தில் செய்வதுதான், ஆனால் அதோடு ஒப்பீடு போய்விட்டது. அதனால்தான் கையெழுத்துக்குப் பிறகு உறை என்ற வரிசையில் இவ்வளவு கண்டிப்பு.

அப்படியென்றால் நோயாளியின் நலனைச் சீட்டில் விடுவது சரியா? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இருந்தால்தான் ஆய்வே நடத்தலாம். இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று மருத்துவ உலகுக்கே உண்மையில் தெரியாதபோது மட்டும்தான் இப்படிப் பிரிக்கலாம். ஒன்று மேல் என்று தெரிந்துவிட்டால் பிரிப்பது தவறு.

"தெரியாது" என்பது எவ்வளவு உண்மையாக இருக்கலாம் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. காசநோயாளிகள் சானடோரியத்தில் தங்கி, ஓய்வும் நல்ல உணவும் நல்ல காற்றும் பெற்றால்தான் குணமாவார்கள் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்தது. ஒரு பகுதியினர் சானடோரியத்தில் சிகிச்சை பெற்றார்கள், மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். 1959-இல் வெளியான முடிவில், வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பலன் தந்திருந்தது. அந்த 193 பேரில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மட்டமான பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்று அன்று பலரும் நினைத்திருப்பார்கள். நினைப்பு தவறு என்று ஆய்வுதான் காட்டியது.

சுருக்கமாக இதுவரை: யாருக்கு எது என்பதை டாக்டரோ நோயாளியோ முடிவு செய்வதில்லை. முன்பே தயாரான பட்டியல் முடிவு செய்கிறது. எது மேல் என்று தெரியாததால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

## இதைத் தாளில் எப்படி எழுதுவது?

பல தாள்களில் இந்த இடத்தில் இருக்கும் வாக்கியம் இப்படி இருக்கும்:

> பங்கேற்பாளர்கள் 1:1 விகிதத்தில் சீரற்ற முறையில் இரு ஆய்வுக் கைகளில் ஒன்றுக்கு ஒதுக்கப்படுவர்.

தவறு ஒன்றும் இல்லை. ஆனால் எட்டாவது படித்த ஒரு பெண்ணுக்கு இதிலிருந்து எதுவும் கிடைக்காது. படித்தவருக்கும்கூட "எனக்கு எது என்று யார் சொல்வார்கள்" என்ற கேள்விக்குப் பதில் இதில் இல்லை. இப்படி எழுதலாம்:

> இந்த ஆய்வில் சேரும் பெண்களில் பாதிப் பேருக்கு மாத்திரையும், பாதிப் பேருக்கு டிரிப்ஸும் தரப்படும். உங்களுக்கு எது என்பதை உங்கள் டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார். நீங்களும் தேர்ந்தெடுக்க முடியாது. கணினி முன்பே தயாரித்த பட்டியல்தான் அதை முடிவு செய்யும். இரண்டில் எது கிடைக்கவும் சம வாய்ப்பு உண்டு. எது நல்லது என்று எங்களுக்கு இன்னும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு. உங்களுக்கு டிரிப்ஸ்தான் வேண்டும், அல்லது மாத்திரைதான் வேண்டும் என்று தோன்றினால், தயவுசெய்து இந்த ஆய்வில் சேர வேண்டாம். ஆய்வில் சேராவிட்டாலும் உங்கள் ரத்தக் குறைவுக்கு வழக்கமான சிகிச்சை இங்கேயே கிடைக்கும்.

நீளம் கூடிவிட்டது, உண்மைதான். இருந்தாலும் இதில் ஒரு வாக்கியத்தைக்கூட எடுக்க எனக்கு மனம் வராது. "உங்கள் டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார்" என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வாக்கியம். பெரும்பாலும் விடுபடுவதும் அதுதான். தகவல் தாளைப் படித்து, கையெழுத்தும் போட்டு, அதற்குப் பிறகும் "எனக்கு எது சரிவரும்னு பார்த்துத்தான் டாக்டர் குடுத்திருக்கார்" என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆராய்ச்சியைத் தனக்கென்று திட்டமிட்ட சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளும் இந்த நினைப்பைச் சிகிச்சை மயக்கம் என்று இங்கே சொல்லிக்கொள்வோம். உலகம் முழுக்க ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம் இது. வெள்ளை கோட்டு போட்டவர் நேரில் உட்கார்ந்து பேசும்போது, தாளில் எழுதியிருப்பதைவிடப் பழைய நம்பிக்கைதான் பலமாக இருக்கும். அதனால் எதிர்மறையாகவே, பட்டென்று எழுதிவிட வேண்டும்.

வாய்ப்பு எவ்வளவு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்துப் பரிசோதனைகளுக்கான இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு விதிகளிலேயே, ஒவ்வொரு சிகிச்சையும் கிடைப்பதற்கான வாய்ப்பு தகவல் தாளில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு டிரிப்ஸ், ஒரு பங்கு மாத்திரை என்று பிரிக்கும் ஆய்வாக இருந்தால், "மூன்று பேரில் இரண்டு பேருக்கு டிரிப்ஸ்" என்று எழுத வேண்டும். சதவீதம், விகிதக் குறி எல்லாவற்றையும்விட ஆள் கணக்கு சீக்கிரம் புரியும்.

வார்த்தையில் இன்னொரு கவனமும் வேண்டும். டிரிப்ஸைப் "புதிய சிகிச்சை", "மேம்பட்ட சிகிச்சை" என்றும், மாத்திரையைச் "சாதாரண மாத்திரை" என்றும் தாளில் எழுதினால், எது மேல் என்று தெரியாது என்று மேலே சொன்னது பொய்யாகிவிடுகிறது. படிப்பவர் டிரிப்ஸை விரும்பத் தொடங்குவார். உறையில் மாத்திரை வந்தால் ஏமாற்றம். ஒரு வாரம் கழித்து வராமல் நின்றுவிடுவார். ஆய்வின் நடுவில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஆட்கள் நின்றுகொண்டே இருந்தால், தாளில் அந்த இடத்தை எடுத்துத் திரும்பப் படித்துப் பார்க்க வேண்டும்.

## ஆபத்துகள்: எல்லாவற்றையும் எழுதினால் போதுமா?

மருந்து நிறுவனம் தரும் குறிப்பில் உள்ள பக்கவிளைவுகளை எல்லாம் வரிசையாகக் கொட்டிவிட்டால் ஆபத்துகளைச் சொன்னதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முப்பது பெயர்கள் வரும். தலைவலியும் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையும் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு நிற்கும். படிப்பவர் ஒன்று பயந்துபோவார், இல்லாவிட்டால் அந்தப் பத்தியையே தாண்டிப் போவார்.

ஒவ்வோர் ஆபத்தைப் பற்றியும் ஒருவருக்குத் தெரிய வேண்டியவை ஐந்து. எத்தனை பேருக்கு வரும், வந்தால் எப்படி இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும், வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், நான் என்ன செய்ய வேண்டும்.

"அரிதாக வரலாம்" என்று எழுதினால் ஆளுக்கு ஆள் வேறு பொருள் எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்கு அது நூறில் ஒன்று, இன்னொருவருக்கு லட்சத்தில் ஒன்று. அதனால் எண்ணைப் போட வேண்டும். அப்புறம் எல்லா எண்களையும் ஒரே அடிப்படையில் போட வேண்டும். தலைவலிக்கு "100-இல்", ஒவ்வாமைக்கு "1,000-இல்" என்று மாற்றி மாற்றி எழுதினால் எது அதிகம், எது குறைவு என்று ஒப்பிடவே முடியாது. நம் ஆய்வின் டிரிப்ஸ் மருந்துக்கு இப்படி வரும்:

> டிரிப்ஸ் ஏற்றிக்கொள்ளும் 10,000 பேரில் 100 முதல் 1,000 பேருக்குத் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் போன்றவை வரலாம். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும்.
>
> 10,000 பேரில் 1 முதல் 10 பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம். மூச்சுத் திணறும், ரத்த அழுத்தம் குறையும், உடம்பில் தடிப்பு வரும். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து. அதனால் டிரிப்ஸ் ஏற்றும்போதும், முடிந்த பிறகு குறைந்தது அரை மணி நேரமும் செவிலியர் உங்கள் பக்கத்தில் இருப்பார். ஒவ்வாமைக்கான மருந்துகள் அந்த அறையிலேயே தயாராக இருக்கும். தாய்க்கு ஒவ்வாமை வந்தால் குழந்தையின் இதயத் துடிப்பும் குறையலாம். அதையும் கவனித்துக்கொண்டே இருப்போம்.
>
> மருந்து நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்தில் தோல் பழுப்பு நிறமாகலாம். அந்தக் கறை நீண்ட நாள் மறையாமல் இருக்கக்கூடும். டிரிப்ஸ் ஏறும்போது கையில் எரிச்சலோ வலியோ இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கடைசிப் பத்தியைப் பாருங்கள். மருத்துவரின் கணக்கில் தோல் கறை ஒரு பெரிய விஷயமே இல்லை, உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கையில் மாதக்கணக்கில் ஒரு பழுப்புத் திட்டோடு நடமாடப்போவது அந்தப் பெண். அவர் பார்வையில் எது பெரிது என்று யோசித்துத்தான் எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டும்.

மாத்திரைப் பக்கத்தின் ஆபத்துகளையும் இதே கவனத்தோடு எழுத வேண்டும். இது அடிக்கடி விட்டுப்போகிறது, "எல்லாருக்கும் தெரிந்த மாத்திரைதானே" என்ற நினைப்பில். மாத்திரையில் மலச்சிக்கல், வயிற்று எரிச்சல், வாந்தி வரலாம். மலம் கறுப்பாகப் போகும், அது ஆபத்தில்லை. இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் இருப்பார்கள். இன்னொன்று, மாத்திரை வேலை செய்யாமலும் போகலாம். டிரிப்ஸும் அப்படித்தான். எதிர்பார்த்த பலன் கிடைக்காமல் போகலாம் என்பதையும் தாளில் சொல்ல வேண்டும் என்று அதே 2019 விதிகள் கேட்கின்றன. ரத்தம் 7-க்குக் கீழே இறங்கினால் உறையில் வந்தது எதுவாக இருந்தாலும் வேறு சிகிச்சை உடனே தொடங்கப்படும் என்று அதையொட்டியே எழுதிவிடுவது நல்லது. அதைப் படித்தால்தான், சீட்டில் வந்ததற்காகத் தன்னை அப்படியே விட்டுவிட மாட்டார்கள் என்று ஒருவருக்குத் தெரியும்.

இவை எல்லாம் மருந்தின் ஆபத்துகள். ஆராய்ச்சியின் ஆபத்துகள் வேறு. மாத்திரையோ டிரிப்ஸோ ஆய்வில் சேராமலேயே ஒருவருக்குக் கிடைத்திருக்கலாம். ஆனால் கூடுதலாக எடுக்கும் ரத்தம், கூடுதலாக மருத்துவமனைக்கு வரும் நாட்கள், அதனால் போகும் ஒரு நாள் கூலி, தன்னைப் பற்றிய விவரங்கள் இன்னொரு கோப்பில் ஏறுவது, இவை ஆய்வில் சேர்ந்ததால் மட்டும் வருபவை. தாளில் இந்த இரண்டையும் பிரித்து எழுதினால், "சேராவிட்டால் எனக்கு எது மிச்சம்" என்று ஒருவரால் கணக்குப் போட முடியும். ரத்தத்தின் அளவை 5 மில்லி என்று விட்டுவிடாமல், ஒரு டீஸ்பூன் அளவு என்றும் சேர்த்து எழுத வேண்டும். எத்தனை தடவை, மொத்தம் எத்தனை டீஸ்பூன் என்பதும் வேண்டும். ஏற்கெனவே "ரத்தம் கம்மி" என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணிடம் ரத்தம் எடுக்கப்போகிறோம். அவருக்கு எழும் முதல் பயமே அதுதான்.

ஆய்வினால் உடலுக்குப் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் யார் தருவார்கள், எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும் என்பது இந்தப் பகுதியின் கடைசி வரிகளாக இருக்கலாம். அந்த எண்ணை இரவில் யாராவது எடுப்பார்களா என்று எழுதியவரே ஒரு முறை அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

சுருக்கமாக: எண்களை ஒரே அடிப்படையில் சொல்ல வேண்டும், இரண்டு பக்கத்து ஆபத்துகளையும் சொல்ல வேண்டும், மருந்தால் வருவதையும் ஆய்வால் வருவதையும் பிரிக்க வேண்டும்.

## விலகும் உரிமை: ஒரு வாக்கியத்தில் முடியாத விஷயம்

"நீங்கள் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது." இந்த இரண்டு வரிகள் இல்லாத தகவல் தாளே இருக்காது. அநேகமாக எல்லாத் தாள்களிலும் இத்தோடு முடிந்தும் விடும். ஆனால் விலக நினைக்கும் பெண்ணின் மனதில் ஓடும் கேள்விகளுக்கு இதில் பதில் இல்லை. பிரசவம் இதே ஆஸ்பத்திரியில்தானே, அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசுவார்களா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிப் பணம் நின்றுவிடுமா? யாரிடம் போய்ச் சொல்வது, சேர்த்துவிட்ட அதே டாக்டரிடமா? ஏற்கெனவே எடுத்த ரத்தத்தை என்ன செய்வார்கள்?

இந்தப் பயங்களின் பெயரைச் சொல்லியே எழுத வேண்டும். "சிகிச்சை பாதிக்கப்படாது" என்பதைவிட, "மாதாந்திரப் பரிசோதனை, ஸ்கேன், பிரசவம், அரசு உதவித்தொகை எதுவும் நிற்காது" என்று எழுதினால் நம்பிக்கை வரும். சொல்ல வேண்டிய ஆளாகச் சிகிச்சை தரும் டாக்டரை மட்டும் போடாமல், ஆய்வுச் செவிலியரின் போன் எண்ணையும் போட வேண்டும். போனில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நேரில் வரவோ எழுதித் தரவோ தேவையில்லை என்றும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, விலகுவது என்றால் எதிலிருந்து விலகுவது? இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. மருந்தை நிறுத்துவது ஒன்று. பரிசோதனைக்கு வருவதை நிறுத்துவது இன்னொன்று. தன்னைப் பற்றிய விவரங்களை எடுப்பதை நிறுத்துவது மூன்றாவது. ஒரு பெண் மாத்திரையை நிறுத்திவிட்டு, "பிரசவம் ஆனதும் குழந்தை எடையை ஏட்டைப் பார்த்து எழுதிக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று சொல்லலாம். இன்னொருவர் எதுவுமே வேண்டாம் எனலாம். இரண்டுக்கும் தாளில் இடம் இருக்க வேண்டும். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று மட்டும் வைத்தால், மாத்திரை மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்கூட முழுவதுமாகப் போய்விடுவார்.

திரும்ப எடுக்க முடியாதவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையை நாளைக்கே நிறுத்தலாம். டிரிப்ஸில் ஏறிய இரும்பை வெளியே எடுக்க முடியாது. டிரிப்ஸ் ஏற்றிய பிறகு விலகுபவர் இனி வரும் பரிசோதனைகளிலிருந்துதான் விலக முடியும். "எப்போது வேண்டுமானாலும்" என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது.

அதைவிடச் சிரமமானது, ஏற்கெனவே சேகரித்த விவரங்களைப் பற்றிய பகுதி. விலகும் நாள் வரை எடுத்த விவரங்களைப் பொதுவாக ஆய்வில் வைத்துக்கொள்வார்கள். இதைக் கேட்டதும் ஏமாற்றுவேலை போலத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. மாத்திரைப் பக்கத்தில் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 20 பேர் தாங்க முடியாத வாந்தியால் விலகிவிடுகிறார்கள். அந்த 20 பேரின் விவரங்களையும் அழித்துவிட்டால், மிச்சம் இருக்கும் 80 பேரும் மாத்திரையை நன்றாகத் தாங்கியவர்கள். முடிவை எழுதும்போது மாத்திரையால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை என்று வரும். அதை நம்பி அடுத்து ஆயிரம் பேருக்கு எழுதிக் கொடுப்பார்கள். விலகியவர்களின் விவரம்தான் அந்த மருந்தின் குறையைச் சொல்லும் சாட்சி.

சரி, காரணம் நியாயமானதாக இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லாமல் செய்தால் அது அநியாயம்தான். அதனால் இப்படி:

> நீங்கள் விலகும் நாள் வரை எங்களிடம் சேர்ந்த விவரங்களை ஆய்வில் வைத்துக்கொள்வோம், ஏனென்றால் விலகியவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் முடிவு உண்மையாக இருக்கும். அதற்குப் பிறகு, உங்கள் அனுமதி இல்லாமல் புதிதாக எதையும் சேர்க்க மாட்டோம். சேமித்து வைத்த உங்கள் ரத்த மாதிரியை அழித்துவிடச் சொல்லலாம். மாதிரியிலிருந்து உங்கள் பெயரையும் எண்ணையும் முழுவதுமாக நீக்கிய பிறகு எது உங்களுடையது என்று எங்களுக்கே தெரியாது, அதன் பிறகு அழிக்க முடியாது.

விலகிய பெண், மாத்திரைக்குப் பதிலாக டிரிப்ஸ் கேட்டால்? மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் அப்போது தன் முடிவுப்படி தரலாம். ஆய்விலிருந்து வெளியே வந்துவிட்டதால் இப்போது தேர்வு செய்பவர் டாக்டர்தான். இதையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

## கொடுத்துக் கேட்டுப் பார்ப்பது

தாள் எழுதி முடித்ததும் அது புரிகிறதா என்று "புரிந்ததா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. டாக்டர் கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆய்வில் சம்பந்தப்படாத நான்கைந்து கர்ப்பிணிகளிடமோ, அவர்களுடைய அம்மாக்களிடமோ படிக்கக் கொடுத்து, அவர்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். "உங்களுக்கு மாத்திரையா டிரிப்ஸா என்று யாரும்மா முடிவு பண்ணுவாங்க?" "டிரிப்ஸ் ஏறும்போது கை எரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" "பாதியில வேண்டாம்னு தோணுச்சுன்னா யாருக்குச் சொல்வீங்க, அப்புறம் பிரசவம் எங்க பார்ப்பாங்க?" முதல் கேள்விக்கு "டாக்டர்தான்" என்று பதில் வந்தால் தாளில்தான் குறை. அந்தப் பத்தியைத் திருத்தி வேறு ஆட்களிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையில் சேர வருபவர்களிடமும் கையெழுத்துக்கு முன்னால் இதே கேள்விகளைக் கேட்பது நல்லது. முடிந்தால் சிகிச்சை தரும் டாக்டர் கேட்காமல் வேறொருவர் கேட்கட்டும், டாக்டரிடம் "வேண்டாம்" என்று சொல்ல நம் ஊரில் பலருக்கு வாய் வராது. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடமும் மாமியாரிடமும் பேசிவிட்டு வரவும் நேரம் தர வேண்டும். சம்மதம் மட்டும் அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு முழுத் தாளையும் வாசித்துக் காட்ட வேண்டும், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். கைநாட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சாட்சியும் கையெழுத்துப் போடுவார். தாளின் ஒரு பிரதி அந்தப் பெண்ணின் கையில் வீட்டுக்குப் போக வேண்டும், போன் எண்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே புதுத் தகவல் வரலாம். வேறோர் இடத்தில் நடந்த ஆய்வில் டிரிப்ஸ் மருந்துக்கு இதுவரை தெரியாத ஓர் ஆபத்து தெரியவந்தது என்று வைத்துக்கொள்வோம். பழைய தாளைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு அது தெரியாது. தாளைத் திருத்தி, மேலே புது பதிப்பு எண்ணும் தேதியும் போட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, ஏற்கெனவே சேர்ந்தவர்களையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டி, தொடர விருப்பமா என்று மறுபடி கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். புது ஆபத்து அவசரமானதாக இருந்தால் அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாது, அன்றே போன் செய்து சொல்ல வேண்டும்.